வட்டி மைனஸ் ஆன பிறகும் கடன் வாங்க ஆள் இல்லையா?

இரணியல் பையன் · 8 ஜூன் 2024, இரவு 9:40

ஜப்பானில் எட்டு வருஷம் வட்டி மைனஸில் இருந்ததாம், இந்த மார்ச்சில்தான் எடுத்தார்களாம். எனக்குப் புரியவே இல்லை. என் அப்பா கடையைக் கொஞ்சம் பெரிதாக்க 11 சதவீத வட்டிக்கு மூன்று மாதம் பேங்குக்கு நடந்தார். அங்கே பணத்தையும் கொடுத்து மேலே காசும் கொடுக்கிறார்கள் என்றால் ஊரே வரிசையில் நிற்க வேண்டாமா? பிறகு ஏன் வியாபாரம் எழுந்திருக்கவில்லை? யாரோ புளுகுகிறார்கள்.

தக்கலை மழை · 8 ஜூன், இரவு 11:15

யாரும் காசு கொடுத்துக் கடன் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று உலகத்தில் எங்கும் நடக்கவில்லை.

நான் 2014 முதல் 2018 வரை நகோயா பக்கம் கார் பாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் டிசைன் வேலையில் இருந்தேன். நாற்பது பேர் வேலை பார்த்த இடம். 2016 ஜனவரி 29 அன்று ஜப்பான் மத்திய வங்கி மைனஸ் 0.1 என்று அறிவித்தது. மதியம் சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் ஒரே கேள்வி: நம் கணக்கிலிருந்து காசு பிடிப்பார்களா? பிடிக்கவில்லை. ஆனால் பெரிய பேங்குகள் சேமிப்பு வட்டியை 0.02-லிருந்து 0.001 சதவீதம் ஆக்கின. என் கணக்கில் எட்டு லட்சம் யென் கிடந்தது. முன்பு வருஷத்துக்கு 160 யென் வரும். அதற்குப் பிறகு எட்டு யென், அதுவும் இரண்டு தவணையாக. பாஸ்புக்கில் "வட்டி 4" என்று அச்சாகியிருந்ததைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "ஆயிரமா மக்கா?" என்று கேட்டாள்.

வேலை முடிந்து ராத்திரி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் கட்டணம் 108 யென். ஒரு தடவை எடுத்தால் பதிமூன்று வருஷ வட்டி காலி.

குளச்சல்காரன் · 9 ஜூன், காலை 6:50

அண்ணே, அப்படியானால் இங்கே நகைக்கடன் வட்டி எப்போது குறையும்? மூணு பவன் வைத்திருக்கிறேன்.

தக்கலை மழை · 9 ஜூன், காலை 7:30

இது அந்தக் கதை இல்லை, தம்பி.

மார்த்தாண்டம் டீச்சர் · 9 ஜூன், காலை 10:05

முப்பது வருஷம் பிளஸ் டூ பொருளாதாரம் எடுத்தவள் சொல்கிறேன். மைனஸ் வட்டி என்றால் பேங்குகள் மத்திய வங்கியில் போட்டு வைக்கும் பணத்துக்கு அபராதம். அபராதத்துக்குப் பயந்து அந்தப் பணத்தை எடுத்து ஜனங்களுக்குக் கடனாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொள்கை சரிதான், ஜப்பான்காரர்கள் செயல்படுத்தியது சரியில்லை.

தக்கலை மழை · 9 ஜூன், மதியம் 2:20

டீச்சர், முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதியது, நானும் நம்பினேன்.

பேங்க் எனக்குக் கடன் கொடுத்தால் அந்தப் பணம் எங்கே போகிறது? நான் இயந்திரம் வாங்கினால் இயந்திரம் விற்றவனின் பேங்குக்குப் போகிறது. அந்த பேங்குக்கும் மத்திய வங்கியில்தான் கணக்கு. ஒரு பேங்க் கணக்கிலிருந்து இன்னொரு பேங்க் கணக்குக்கு மாறுமே தவிர மொத்தத் தொகை அப்படியே இருக்கும். எல்லா பேங்கும் சேர்ந்து ஓடினாலும் அபராதத்திலிருந்து தப்ப முடியாது. நாற்காலி விளையாட்டில் பாட்டு நின்றதும் ஒருத்தன் நிற்கத்தான் வேண்டும், அது போல.

அடுத்து, அபராதம் எவ்வளவு பணத்துக்கு? தொடங்கியபோது மத்திய வங்கியில் பேங்குகள் வைத்திருந்தது சுமார் 260 லட்சம் கோடி யென். அதை மூன்றாகப் பிரித்தார்கள். சுமார் 210 லட்சம் கோடிக்குப் பழைய மாதிரி பிளஸ் 0.1 வட்டி. 40 லட்சம் கோடிக்குப் பூஜ்யம். மிச்சம் 10 லட்சம் கோடிக்கு மட்டும்தான் மைனஸ் 0.1. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேங்குகள் வருஷத்துக்கு வாங்கியது 21,000 கோடி யென், கட்டியது 1,000 கோடி. "மைனஸ் வட்டி" என்று உலகமே அலறியபோது மத்திய வங்கிதான் பேங்குகளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. இதை நான் அங்கே இருந்தபோது கவனிக்கவில்லை, ஊருக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

கோட்டார் கணக்கு · 9 ஜூன், மாலை 4:00

நானே ஆடிட்டர், எண்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் கேள்வி: 260-ல் 10-க்கு மட்டும் அபராதம் போட்டு என்ன பிரயோஜனம்?

ஷீட் கடை, குலசேகரம் · 9 ஜூன், மாலை 5:10

இது எனக்கே புரிகிறது. என் கிடங்கில் பழைய ரப்பர் ஷீட் ஐந்து டன் கிடக்கும். அதை என்ன விலைக்கு வாங்கினேன் என்று யார் கேட்கிறார்கள்? இன்றைக்குக் கடைசியாக வந்து இறங்கும் ஷீட்டுக்கு என்ன விலையோ அதுதான் விலை. அதே மாதிரி கடைசி யென்னுக்கு மைனஸ் என்றால் சந்தை வட்டி மைனஸுக்கு இறங்கிவிடும். சரிதானே?

தக்கலை மழை · 9 ஜூன், மாலை 5:25

அதேதான். இவ்வளவு அழகாக நான் எங்கேயும் படித்ததில்லை. பிப்ரவரி 9 அன்றே அவர்களுடைய பத்து வருஷ அரசுப் பத்திரத்தின் வட்டியே பூஜ்யத்துக்குக் கீழே போனது. அந்த அளவில் வேலை செய்தது. கடை வாசல் வரை வந்தது, உள்ளே வரவில்லை.

தக்கலை மழை · 10 ஜூன், இரவு 10:45

நேற்று மழையில் கரண்ட் போய்விட்டது, அதனால் பாதியில் விட்டேன்.

உள்ளே ஏன் வரவில்லை என்பதற்கு முதல் காரணம் நோட்டு. என் வீட்டுச் சொந்தக்காரப் பாட்டி, எண்பது வயது, கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். மரப் பீரோவின் இரண்டாவது இழுப்பறையில் கிமோனோவுக்கு அடியில் பத்தாயிரம் யென் நோட்டுக் கட்டுகள். நான் வாடகை கொடுக்கப் போகும்போது என் கண் முன்னாலேயே அதில் வைப்பாள். இதற்கு அங்கே "டான்சு யோகின்" என்று பெயரே இருக்கிறது, பீரோச் சேமிப்பு என்று அர்த்தம். பேங்க் என் பணத்துக்கு ஒரு சதவீதம் பிடிக்கும் என்றால் நான் எடுத்துப் பீரோவில் வைத்துவிடுவேன், நோட்டுக்கு வட்டி பூஜ்யம், மைனஸ் கிடையாது. அந்தப் பிப்ரவரியில் வீட்டு இரும்புப் பெட்டி விற்பனை கூடியதாகச் செய்தியே வந்தது. ஆக பேங்குகள் சாதாரண ஜனத்தின் சேமிப்பில் கை வைக்கப் பயந்தன. ஒரு பக்கம் கடன் வட்டி இறங்குகிறது, இன்னொரு பக்கம் சேமிப்பு வட்டி பூஜ்யத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை, நடுவில் பேங்கின் லாபம் நசுங்குகிறது. பேங்க் பங்குகள் விழுந்தன. லாபம் நசுங்கிய பேங்க் துணிந்து கடன் கொடுக்குமா?

பாட்டி விஷயத்தில் இன்னொன்று. 1990-ல் அஞ்சலகத்தில் பத்து வருஷ வைப்புக்கு 6 சதவீதத்துக்கு மேல் கிடைத்ததாம். அந்த வட்டியில் வருஷம் ஒரு தடவை வெந்நீர் ஊற்றுக்குப் போவாளாம். வட்டி போனதும் பயணத்தையும் நிறுத்திவிட்டாள். வட்டி குறைந்தால் ஜனம் அதிகம் செலவு செய்யும் என்பது கடன்காரனுக்குப் பொருந்தும். சேமிப்பில் வாழ்கிற கிழவிக்கு அது சம்பளக் குறைப்பு. நம் ஊர்ப் பென்ஷன்காரரிடம் வைப்பு வட்டி குறையப் போகிறது என்று சொல்லிப் பாருங்கள், மீன் வாங்குவதைக் கூட்டுவாரா குறைப்பாரா?

இரணியல் பையன் · 11 ஜூன், காலை 8:15

சரி, சேமிப்புக்காரரை விடுங்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது. தொழில் செய்கிறவன் ஏன் வாங்கவில்லை? அப்புறம் இன்னொன்று, டென்மார்க்கில் மைனஸ் வட்டிக்கு வீட்டுக் கடன் கொடுத்ததாக என் நண்பன் சொல்கிறான். எங்கும் நடக்கவில்லை என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்களே?

தக்கலை மழை · 11 ஜூன், காலை 9:00

உங்கள் நண்பர் சரி, நான் தப்பு. 2019 ஆகஸ்டில் டென்மார்க்கின் ஜிஸ்க் பேங்க் பத்து வருஷ வீட்டுக் கடனை மைனஸ் 0.5 சதவீதத்துக்குக் கொடுத்தது. கையில் காசைத் தரவில்லை, ஒவ்வொரு மாதமும் கட்டிய தவணையைவிடக் கொஞ்சம் அதிகமாக அசல் குறையும். கட்டணம் அது இது என்று சேர்த்தால் கடைசியில் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கட்டியிருப்பார்கள். ஆனாலும் "உலகத்தில் எங்கும்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

அந்த நோட்டுக் கணக்கையும் திருத்த வேண்டும். நோட்டைப் பத்திரமாக வைக்கவும் செலவு உண்டு: பெட்டி, காவல், காப்பீடு. அதனால் வட்டி இறங்கக்கூடிய அடித்தளம் சரியாகப் பூஜ்யத்தில் இல்லை, கொஞ்சம் கீழே இருக்கிறது. சுவிட்சர்லாந்து மைனஸ் 0.75 வரை போய்ப் பல வருஷம் தாக்குப்பிடித்தது. மைனஸ் மூன்று நான்கு போனால்? யாரும் முயன்று பார்க்கவில்லை.

தொழில்காரன் விஷயம் ராத்திரி எழுதுகிறேன்.

தக்கலை மழை · 11 ஜூன், இரவு 11:30

எங்கள் முதலாளிக்கு அப்போது 67 வயது. மாதம் ஒரு தடவை பேங்கிலிருந்து ஒரு இளைஞன் கோட் சூட் போட்டு வருவான், கையில் பலகாரப் பெட்டி. கடன் வாங்கச் சொல்லிக் கெஞ்சுவதற்கு! ஒரு சதவீதத்துக்குத் தருகிறேன், அதற்கும் கீழே பேசலாம் என்பான். முதலாளி தேநீர் கொடுத்து, பலகாரத்தை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அனுப்பிவிடுவார்.

ஒரு கோடி யென்னுக்கு ஒரு பிரஸ் இயந்திரம் வாங்குவதைப் பற்றி ஒரு தடவை எங்களை உட்கார வைத்துக் கணக்குப் போட்டார். கடன் ஒரு சதவீதம், ஐந்து வருஷம். நாங்கள் செய்யும் பாகத்தின் விலை இன்றைக்கு 100 யென். வாங்குகிற பெரிய கம்பெனி வருஷா வருஷம் விலையைக் குறை என்கிறது. அடுத்த வருஷம் 98, அதற்கடுத்து 96. தவணை மட்டும் மாறாது. விலை இரண்டு சதவீதம் இறங்கும்போது ஒரு சதவீத வட்டி என்பது அவர் கையில் மூன்று சதவீதம். வட்டியைப் பூஜ்யமாக்கினாலும் இரண்டு. அதற்குக் கீழே எவ்வளவு இறக்குவீர்கள், பாட்டியின் பீரோ தடுக்கிறதே. காத்திருந்தால் இயந்திரமே விலை இறங்கும் என்று வேறு அவருக்கு நம்பிக்கை. கடைசியில் அவர் சொன்னது: வட்டி சும்மா கிடைக்கலாம், அசல் சும்மா கிடைக்காது. ஆர்டர் எங்கே?

அதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருந்தது. 1980-களின் கடைசியில் நில விலை ஏறியபோது நிலத்தை ஈடு வைத்துப் பெரிய கடன் வாங்கியிருந்தார். 1990-க்குப் பிறகு நிலம் சரிந்தது, நகரத்து வணிக நிலமெல்லாம் உச்ச விலையில் பாதிக்கும் கீழே போனது, கடன் அப்படியே நின்றது. பதினைந்து வருஷம் லாபத்தையெல்லாம் அந்தக் கடனில் போட்டார். ரிச்சர்ட் கூ என்ற பொருளாதார அறிஞர் சொன்னது இதைத்தான்: இப்படிப்பட்ட காலத்தில் கம்பெனிகள் லாபத்தைப் பெருக்கப் பார்ப்பதில்லை, கடனைக் குறைக்கப் பார்க்கின்றன, அப்போது வட்டி எவ்வளவு இறங்கினாலும் அவர்கள் காதில் விழாது. தனியாகப் பார்த்தால் முதலாளி செய்தது நியாயம்தான். எல்லா முதலாளியும் ஒரே சமயத்தில் அதையே செய்தால் யார் யாரிடம் வாங்குவது?

ஷீட் கடை, குலசேகரம் · 12 ஜூன், காலை 7:05

இது எங்கள் கதை! 2011-ல் ஷீட் கிலோ 240-ஐத் தொட்டது. அந்தத் தெம்பில் என் மச்சான் கடன் வாங்கி இன்னும் ஐம்பது சென்ட் வாங்கினான். தவணை 6,000 ரூபாய். அப்போது 25 கிலோ ஷீட் விற்றால் தவணை முடிந்தது. 2016 தொடக்கத்தில் விலை நூறுக்கும் கீழே. அதே தவணைக்கு 60 கிலோவுக்கு மேல் அடிக்க வேண்டும். கட்டக் கட்டக் கடன் வளர்ந்த மாதிரி இருந்தது. பால்வெட்டுக்குக் கூலி கட்டாமல் மரத்தை அப்படியே விட்டவர்கள் எத்தனை பேர். அப்படியானால் குமரி மாவட்டத்துக்கும் அப்போது பணவாட்டம்தானே?

கோட்டார் கணக்கு · 12 ஜூன், காலை 9:40

இல்லை அண்ணாச்சி. அந்த வருஷங்களில் அரிசி, பஸ் டிக்கெட், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஏறிக்கொண்டுதான் இருந்தன. ஒரு சரக்கின் விலை விழுவது வேறு, எல்லா விலையும் சம்பளமும் சேர்ந்து இறங்குவது வேறு. உங்கள் மச்சான் ரப்பரை விட்டு வாழைக்கோ வேறு வேலைக்கோ போக முடிந்தது. எல்லாமே இறங்கினால் போக இடம் இல்லை.

தக்கலை மழை · 12 ஜூன், மதியம் 1:15

கணக்கு சார் சொல்வது சரி. ஆனால் கடன்காரன் வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்பதை மச்சான் கதை அச்சாகக் காட்டுகிறது. 1933-ல் அமெரிக்காவின் இர்விங் ஃபிஷர் எழுதியதும் இதுதான்: கடனை அடைக்க எல்லாரும் சரக்கை விற்க, விலை விழ, அடைத்ததைவிட மிச்சக் கடன் கனமாகிறது.

ஒரு திருத்தம். நான் இரண்டு சதவீதம் என்று போட்டது எங்கள் பாகத்தின் விலை, அதுவும் ஒரு சரக்குதான்! ஜப்பானில் பொதுவிலை இறங்கிய வருஷங்களில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இறங்கியது. சரிவு சின்னது, மனதில் பதிந்ததுதான் பெரியது. விலை ஏறாது, சம்பளமும் ஏறாது என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது. அங்கே கரிகரி-குன் என்று ஒரு குச்சி ஐஸ். 25 வருஷமாக 60 யென். 2016-ல் பத்து யென் ஏற்றியதற்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் வரிசையாக நின்று குனிந்து டிவி விளம்பரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். நான் பார்த்துச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

மார்த்தாண்டம் டீச்சர் · 12 ஜூன், இரவு 8:30

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இந்தியாவில் இது பலித்ததே? 2020-ல் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதம் வரை இறக்கினார்களே. பேச்சிப்பாறையில் மதகைத் திறந்தால் தண்ணீர் கடைமடைக்கு வந்துதானே ஆக வேண்டும்.

தக்கலை மழை · 12 ஜூன், இரவு 10:10

டீச்சர், வயலில் நாற்று நட்டிருந்தால் வரும் தண்ணீருக்கு வேலை. பாதி வயல் பிளாட் ஆகிவிட்டதே!

2020 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பணத்தைத் திறந்து விட்டது. பேங்குகள் அதைக் கடன் கொடுக்கப் பயந்து ரிசர்வ் வங்கியிடமே திருப்பிப் போட்டன. ஏப்ரல் 15 அன்று அப்படிக் கிடந்தது 6.9 லட்சம் கோடி ரூபாய். அங்கே போட்டால் கிடைக்கும் வட்டியை 4-லிருந்து 3.75, மே மாதம் 3.35 என்று குறைத்துப் பார்த்தார்கள். பார்க்க ஜப்பான் மாதிரியே இருக்கும், ஆனால் வட்டி பூஜ்யம் வரை இறங்கியும் கடன் வாங்க ஆள் வராத அந்தப் பொறி இல்லை இது. இங்கே வட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை, விலைவாசியோ 6 சதவீதத்துக்கு மேலே. ஊரடங்கில் யாருக்குக் கொடுப்பது என்ற பயம்தான். விலைவாசியைக் கழித்தால் சேமிப்புக்காரனுக்கு இங்கே கிடைத்ததும் மைனஸ்தான், பாஸ்புக்கில் பிளஸ் என்று அச்சாகியிருந்ததால் யாரும் கத்தவில்லை.

இரணியல் பையன் · 13 ஜூன், மாலை 6:20

நோட்டுதான் தடை என்றால் நோட்டுக்கே மைனஸ் வட்டி போட்டால் என்ன? ஆஸ்திரியாவில் வோர்கல் என்ற ஊரில் செய்து வேலையில்லாத் திண்டாட்டத்தையே ஒழித்தார்களாமே.

தக்கலை மழை · 13 ஜூன், இரவு 9:50

ஒழித்தார்கள் என்பது கொஞ்சம் அதிகம். 1932-ல் மேயர் உண்டர்குகன்பெர்கர் ஊருக்கென்று ஒரு சீட்டு அச்சடித்தார். மாதா மாதம் அதன் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு முத்திரை வாங்கி ஒட்டினால்தான் அது செல்லும். கையில் வைத்திருந்தால் நஷ்டம், அதனால் சீக்கிரம் கை மாறியது, ஜனம் பாக்கி வரியைக்கூடக் கட்டியது. 1933-ல் ஆஸ்திரிய மத்திய வங்கி தடுத்து நிறுத்தியது. ஆனால் அந்தச் சீட்டு முதலில் வெளியே வந்தது ரோடு வேலைக்குக் கூலியாக. முத்திரை வேலை செய்ததா, ரோடு வேலை செய்ததா? ஒரு வருஷத்தில் ஒரு சின்ன ஊரை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் சாய்வு ரோட்டுப் பக்கம். யாரும் கடன் வாங்க மாட்டேன் என்கிறபோது செலவு செய்ய மிச்சம் இருக்கிற ஒரே ஆள் அரசுதான்.

கோட்டார் கணக்கு · 13 ஜூன், இரவு 10:30

அங்கேதான் நான் வேறுபடுகிறேன். ஜப்பான் அரசு ரோடும் பாலமுமாகப் போட்டுத் தள்ளிக் கடனில் மூழ்கியதே, எழுந்ததா? 1999-ல் குழந்தை உள்ள குடும்பத்துக்கும் முதியவருக்கும் தலைக்கு 20,000 யென் கூப்பன், ஆறு மாதத்தில் காலாவதி. உங்கள் வோர்கல் சீட்டு மாதிரியே. ஜனம் கூப்பனில் அரிசி வாங்கிவிட்டு, அரிசிக்கு வைத்திருந்த காசைப் பீரோவில் வைத்தது.

தக்கலை மழை · 13 ஜூன், இரவு 11:20

முழுக்க அப்படி இல்லை, ஒரு பங்கு புதுச் செலவாகவும் ஆனது. அந்த ரோடுகள் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்று கூ சொல்வார். அதை நிரூபிக்க இன்னொரு ஜப்பான் வேண்டும். விடுங்கள்.

தக்கலை மழை · 15 ஜூன், காலை 11:00

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. மலிவுப் பணம் ஒன்றுமே செய்யவில்லை என்கிற தொனி என் எழுத்தில் வந்துவிட்டது. யென் மதிப்பு குறைந்து ஏற்றுமதி கூடும் என்பதும் அவர்கள் எதிர்பார்ப்பு. மைனஸ் அறிவித்த இரண்டே வாரத்தில் டாலருக்கு 121 இருந்தது 112 பக்கம் வந்து யென் வலுத்தது, எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். ஆனால் 2022-ல் மற்ற நாடுகள் வட்டியை ஏற்ற, ஜப்பான் மட்டும் மைனஸிலேயே உட்கார்ந்திருக்க, யென் சரிந்தது, எண்ணெய் விலையும் சேர்ந்து விலைவாசி இரண்டு சதவீதத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் சம்பளமும் அசைந்தது, 2024 மார்ச் 19 அன்று மைனஸ் முடிந்தது. எட்டு வருஷம் வைத்த மருந்து கடைசியில் வேலை செய்ததா, வெளியிலிருந்து வந்த காய்ச்சல் உடம்பைச் சூடாக்கியதா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது, பந்தயம் கட்டமாட்டேன்.

பழைய தொழிற்சாலை நண்பனிடம் கேட்டேன். மார்ச்சில் அவன் பேங்க் சேமிப்பு வட்டியை இருபது மடங்கு ஏற்றியதாம், 0.001-லிருந்து 0.02. முதலாளி இறந்துவிட்டார். மகன் புது பிரஸ் வாங்கியிருக்கிறான், கடன் வாங்காமல் கைக்காசில்.

குளச்சல்காரன் · 15 ஜூன், மாலை 5:45

எல்லாம் படித்தேன் அண்ணே. அப்போ நகையை இப்போதே மீட்கவா, பொறுக்கவா?

ஷீட் கடை, குலசேகரம் · 15 ஜூன், மாலை 5:52

மீட்டுவிடு மக்கா. மழைக்காலம், வள்ளம் இறங்காத நாளிலும் வட்டி ஓடும்.